‘வைஷ்ணவ ஜன தோ’ இரண்டு வரியில்: எந்த வழியில் எது உதிர்கிறது?

பக்திப் பாடலுக்குச் சப்டைட்டில் போடும்போது இடப் பற்றாக்குறைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் தவறுகள் பெரும்பாலும் வேறு இடத்தில் நடக்கின்றன. எந்தச் சொல்லை விடலாம், எதை விடவே கூடாது என்று முடிவு செய்யாமல் நறுக்க ஆரம்பித்தால், இடம் மிச்சமாகி அர்த்தம் போய்விடும். பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காமல், எல்லோருக்கும் காதில் பழகிய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, கையில் உள்ள வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

15ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஜூனாகட்டில் வாழ்ந்த நரசிங்க மேத்தா பாடியது. காந்தியின் பிரார்த்தனைக் கூட்டங்கள் வழியே நாடு முழுக்கப் போனது. எம்.எஸ். சுப்புலட்சுமி குரலில் தமிழ் வீடுகளுக்கும் வந்தது. முதல் கண்ணி இது:

வைஷ்ணவ ஜன தோ தேனே கஹியே, ஜே பீட பராயீ ஜாணே ரே;
பர துக்கே உபகார கரே தோயே, மன அபிமான ந ஆணே ரே.

சொல்லுக்குச் சொல் விரித்தால்: ‘பிறருடைய வலியை யார் அறிகிறாரோ அவரையே வைஷ்ணவர் என்று சொல்ல வேண்டும், பிறர் துயரத்தில் உதவி செய்தாலும் மனத்தில் கர்வத்தை வரவிட மாட்டார்.’ பதினேழு சொல். இதை இரண்டு வரியில் அடக்க வேண்டும்.

அதற்கு முன் அளவுகோல் எது என்று தெளிவாக வேண்டும். பல தளங்களின் விதி ஒரு வரிக்கு 42 குறி, ஒரு நேரத்தில் இரண்டு வரி. ‘குறி’ என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல. கணினிக்கு ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறி, ‘பி’ பகரமும் கொக்கியுமாக இரண்டு, ‘ஸ்ரீ’ நான்கு. ‘வைஷ்ணவர்’ நம் கணக்கில் ஐந்தெழுத்து, கோப்பின் கணக்கில் எட்டு. தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் அடர்ந்து வருவதால், எழுத்துக் கணக்கில் அடக்கமாகத் தெரியும் வரி, கோப்பைச் சோதிக்கும்போது அளவு மீறியதாகச் சிவப்பில் வந்து நிற்கும்.

ஒரு வரியை எடுத்து எண்ணிப் பார்க்கலாம்:

```python
import unicodedata as u
s = "உதவிய பின்னும் மனத்தில் செருக்குக் கொள்ளாதவர்"
s = u.normalize("NFC", s)
print(len(s))
print(sum(u.category(c)[0] != "M" for c in s))
```

முதல் எண் 45, இரண்டாவது 28. இந்த 28 என்பது 24 எழுத்தும் நான்கு இடைவெளியும். கண்ணுக்கு 28 இடம் அடைக்கும் வரி, 42 என்ற வேலியைத் தாண்டி நிற்கிறது. `NFC` என்று சீராக்கும் வரி சும்மா இல்லை. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியைச் சில தட்டச்சு முறைகள் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகச் சேமிக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது, எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும். ஒரே வரி ஒரு கணினியில் 45, இன்னொன்றில் 46 என்று வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு கிட்டத்தட்ட 130 குறி வருகிறது. இரண்டு வரிக்கும் சேர்த்து நமக்கு உள்ளது 84. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிய வேண்டும். கூடவே நேரமும் இருக்கிறது. ஆவணப்படத்தில் ஒருவர் கண்ணியைப் பாடாமல் வாசிக்கிறார், அதற்கு ஆறு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு நொடிக்குள் பார்வையாளர் முகத்தையும் பார்த்து, வரியையும் படித்து முடிக்க வேண்டும்.

கழிக்க வேண்டியதை முடிவு செய்யும் முன், கழிக்கக் கூடாதவற்றைக் குறித்து வைப்போம். இந்தக் கண்ணியில் நான்கு செய்திகள்: பிறர் வலி அறிவது, துயரில் உதவுவது, உதவிய பிறகும் மனத்தில் கர்வம் புகாமல் பார்ப்பது, அப்படிப்பட்டவரைத்தான் வைஷ்ணவர் என்பது. இவற்றைக் கட்டிப்போடும் ஆணிகள் இரண்டு சின்னச் சொற்கள். ஒன்று ‘தோ’. ‘வைஷ்ணவர் என்றால்’ என்று நாம் இழுத்துச் சொல்லுவோமே, அந்த அழுத்தம். மற்றது ‘தோயே’, ‘அப்படியிருந்தும்’. இந்த இரண்டாவது ஆணி கழன்றால் ‘உதவுவார், கர்வம் இல்லாதவர்’ என்று இரண்டு தனித்தனி நல்ல குணங்களின் பட்டியலாகிவிடும். உதவி செய்த கையோடுதான் கர்வம் எட்டிப் பார்க்கும் என்பதுதான் பாட்டின் கூர்மை. ‘ரே’ மட்டும் தாராளமாகப் போகலாம். நம் பாட்டுகளில் வரும் அசைச்சொல் மாதிரி, அது இசைக்காக இருப்பது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, காதில் விழும் வடசொற்களை அப்படியே தமிழில் வைத்துவிடுவது. பரதுக்கம், உபகாரம், அபிமானம், பீடை எல்லாமே தமிழில் புழங்குகிற சொற்கள்தானே, பாட்டோடு ஒட்டியும் போகுமே என்று தோன்றும். மொழிபெயர்க்கிற வேலையும் பாதி குறையும். இருக்கும் வழிகளில் மிக ஆபத்தானது இதுதான். குஜராத்தியில் ‘அபிமான’ இங்கே கர்வம். தமிழில் அபிமானம் பற்று, பிரியம். அபிமானி என்றால் ரசிகர். ‘உதவினாலும் மனத்தில் அபிமானம் கொள்ளார்’ என்று போட்டால், உதவுவார் ஆனால் பிரியமில்லாமல் உதவுவார் என்று ஆகிறது. கண்ணி தலைகீழாகிவிட்டது. ‘பீட’ வலி. நம் ஊரில் பீடை என்றால் தரித்திரம், சனி, ‘பீடை ஒழிந்தது’ என்கிற வகை. ‘துக்கம்’ கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் துக்க வீடு, துக்கம் விசாரிப்பது என்று நமக்கு அது சாவோடு ஒட்டிக்கொண்டது. பசி, கடன், நோய் எல்லாவற்றையும் மூடும் ‘பர துக்க’ சுருங்கிப் போகும். நான்கில் ‘உபகாரம்’ ஒன்றுதான் பொருள் மாறாமல் தேறுகிறது. இந்தப் பிழையைச் சரிபார்ப்பவரும் பிடிக்க மாட்டார் என்பதுதான் சிக்கல். காதும் கண்ணும் ஒரே சொல்லைக் காட்டுவதால், சரி என்றே தோன்றும்.

இரண்டாவது வழி, சாரத்தை மட்டும் ஒரு வீச்சில் சொல்வது.

பிறர் வலி அறிபவரே வைஷ்ணவர்;
உதவியும் கர்வம் இல்லாதவர்.

முதல் வரி 27 குறிதான் வருகிறது. அழகாகவும் இருக்கிறது. ‘அறிபவரே’ என்ற ஏகாரம் ‘தேனே கஹியே’வின் அழுத்தத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. சுவரொட்டிக்கோ நாட்காட்டிக்கோ என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம். சப்டைட்டிலில் இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஒன்று, வரிசை. குஜராத்தியில் தலைச்சொல் முதலில் வந்து, அதை விளக்கும் ‘ஜே…’ வாக்கியம் பின்னால் வருகிறது. தமிழின் இயல்பு நேர் எதிர்; எச்சத் தொடர் முன்னால், பெயர் பின்னால். அதனால் ‘வைஷ்ணவ ஜன’ என்று காதில் விழும் அந்த முதல் நொடியில் கண் ‘பிறர் வலி’யில் இருக்கிறது, ‘ஜாணே ரே’ என்று முடியும்போது கண் ‘வைஷ்ணவர்’ என்ற சொல்லுக்கு வருகிறது. தெரியாத மொழியின் பாட்டில் பார்வையாளருக்கு அடையாளம் தெரியும் ஒரே சொல் அந்த ‘வைஷ்ணவ’தான். அது ஒரு முனையிலும் வரி மறுமுனையிலும் இருந்தால், ‘சப்டைட்டில் தள்ளிப்போகுதே’ என்று எண்ணி அவர் நேரக்குறியைச் சந்தேகிப்பார்.

இன்னொன்று, ‘உதவியும்’. இதை ‘உதவி செய்தும்கூட’ என்று வினையாகப் படிக்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியும். ஆறு நொடியில் படிப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது ‘உதவி’ என்ற பெயர்ச்சொல்லும் ‘உம்’மும். உதவியும் கர்வமும் இல்லாதவர் என்று படித்துவிட்டுப் போனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புத்தகத்தில் என்றால் திரும்பிப் படித்துத் தெளிவார். சப்டைட்டிலில் திரும்பிப் படிக்க வாய்ப்பே இல்லை, வரி போய்விடும். ‘-இயும்’ என்று முடியும் வினையெச்சங்களில் பெயராகவும் படிக்கத்தக்கவை எல்லாம் (உதவியும், வழங்கியும் போன்றவற்றில் முதலாவது சிக்கல், இரண்டாவது இல்லை) தனியே பார்க்க வேண்டியவை. ‘உதவினாலும்’ என்றால் குழப்பம் தீரும், ஆனால் ‘ஒருவேளை உதவினால்கூட’ என்ற ஐயம் ஒட்டும். ‘உதவிய பின்னும்’ என்பது இரண்டு குறையும் இல்லாதது, ‘தோயே’வின் இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது.

மூன்றாவது வழி யாப்பு. மூலம் கவிதை என்பதால் தமிழிலும் கவிதையாகவே தர வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆசிரியப்பாவின் நாற்சீர் அடியில் இப்படி வரும்:

பிறர்நோ வறிவார் பெருமாள் அடியார்;
உறுதுயர் தீர்த்தும் செருக்கறி யாரே.

‘பிற–உறு’ எதுகையும் ஓசையும் தட்டாமல் நிற்கின்றன. இடமும் மிச்சம். ஆனால் ஓசைக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். ‘உதவுவது’ ‘தீர்ப்பது’ ஆகிவிட்டது. மேத்தா அவ்வளவு பெரிய வாக்குறுதி தரவில்லை, உபகாரம் செய்வதோடு நிறுத்திக்கொண்டார். ‘மனத்துக்குள் கொண்டுவர மாட்டார்’ என்பது ‘செருக்கை அறியவே மாட்டார்’ ஆகிவிட்டது. முன்னது, வாசலில் வந்து நிற்கும் கர்வத்தை உள்ளே விடாத ஒருவர். பின்னது, கர்வம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர். இரண்டும் வேறு வேறு ஆட்கள். ‘வைஷ்ணவ’ என்று காதில் கேட்பது கண்ணில் ‘பெருமாள் அடியார்’ என்று மாறியதும் இன்னொரு இழப்பு. எல்லாவற்றுக்கும் மேல் ‘பிறர்நோ வறிவார்’ என்ற சீர்பிரிப்பை ஓடும் திரையில் படிக்க முடியாது. சொற்படி ‘பிறர் நோவறிவார்’ என்று பிரித்து எழுதினால் படிக்கலாம், ஆனால் பக்கத்தில் ‘நோவு’ என்ற சொல் தெரியாத இளைஞர் ஒருவர் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். படத்தின் தொடக்கத்தில் பத்து நொடி அசையாமல் நிற்கும் தலைப்பு அட்டைக்கு இந்த வழி பொருந்தும். பாடும் முகத்தின் கீழே பொருந்தாது.

யாப்பின் பக்கத்து வீடுதான் குறள் எதிரொலி. ‘பீட பராயீ ஜாணே’ என்றதும் தமிழ் படித்த எவருக்கும் 315ஆம் குறள் நினைவுக்கு வரும்: ‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை.’ அதிலிருந்து ‘பிறிதின் நோய் தன் நோய்போல்’ என்று எடுத்து வைத்தால் தமிழ்க் காதுக்கு அது சட்டென்று வீடு வந்த மாதிரி இருக்கும். ஆனால் குறளில் உள்ள ‘தன் நோய்போல்’ மேத்தாவில் இல்லை. குறள் கேட்பது, பிறர் நோயைத் தன் நோயாகக் காத்துக்கொள்வது. மேத்தா கேட்பது, முதலில் அதை அறிவது. பார்வையாளர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ‘நோய்’ இன்று வியாதி என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எதிரொலியைக் கடன் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. இந்தக் கண்ணிக்கு ‘வலி’ போதும்.

நான்காவது வழிதான் உண்மையான போட்டியாளர்: சுருக்கமான உரைநடை, ஆனால் தலைச்சொல்லை முன்னால் வைத்து. தமிழில் எச்சத் தொடரைத் தவிர்த்துத் தலைச்சொல்லை முதலில் கொண்டுவர ஒரு பழைய வழி இருக்கிறது. அகராதியிலும் பட்டிமன்றத்திலும் தினமும் கேட்பதுதான்: ‘நட்பு என்பது…’, ‘ஆசிரியர் என்பவர்…’ இதை எடுத்துக்கொண்டால் ‘தோ’வும் ‘கஹியே’யும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

முதல் முயற்சி:

வைஷ்ணவர் என்பவர் பிறர் வலி அறிபவர்;
துயரில் உதவிய பின்னும் மனத்தில் செருக்குக் கொள்ளாதவர்.

பொருள் முழுக்க இருக்கிறது. இரண்டாம் வரி 54 குறி, பன்னிரண்டு அதிகம். இங்கேதான் பலர் ‘துயரில்’ என்பதையோ ‘பின்னும்’ என்பதையோ வெட்டுவார்கள், சின்னச் சொல்லாகத் தெரிவதால். வெட்ட வேண்டியது சொல்லை அல்ல, கட்டுமானத்தை. ‘மனத்தில் செருக்குக் கொள்ளாதவர்’ என்பதில் வேற்றுமை உருபு ஒன்று, சந்தி ஒற்று ஒன்று, துணைவினை ஒன்று. செருக்கு என்ற பெயருக்குப் பக்கத்திலேயே செருக்குதல் என்ற வினை இருக்கிறது. மனத்தை எழுவாயாக்கினால் மூன்றும் ஒரேயடியாகப் போகின்றன:

வைஷ்ணவர் என்பவர் பிறர் வலி அறிபவர்;
துயரில் உதவிய பின்னும் மனம் செருக்காதவர்.

முதல் வரி நிறுத்தக்குறியோடு 35, இரண்டாம் வரி 41. பத்துச் சொல், மொத்தம் 76 குறி, ஆறு நொடிக்கு நொடி ஒன்றுக்கு 13க்கும் குறைவு. நான்கு செய்தியும் இருக்கின்றன, இரண்டு ஆணியும் இருக்கின்றன, காதில் ‘வைஷ்ணவ’ விழும்போது கண்ணும் அங்கே இருக்கிறது. கீழ்வரி மேல்வரியைவிடச் சற்று நீளம் என்பதும் கண்ணுக்கு வசதி.

‘செருக்காதவர்’ கொஞ்சம் புத்தகச் சொல்லாகத் தெரிந்தால் ‘கர்வம் கொள்ளாதவர்’ என்று மாற்றலாம். அப்போது ‘மனம்’ போக வேண்டும். ‘துயரில் உதவிய பின்னும் கர்வம் கொள்ளாதவர்’ அதே 41 குறிதான், முற்றுப்புள்ளியோடு. கர்வம் மனத்தில் தானே இருக்கும், தனியே சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். மேத்தா வெளியே காட்டிக்கொள்ளாத அடக்கத்தைப் பற்றிப் பேசவில்லை, உள்ளேயே புகாமல் இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். அதனால் மனத்தை வைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான படம் என்றால் கர்வத்தையே வைக்கலாம். படித்ததும் புரிவது அங்கே முக்கியம்.

சில சின்ன முடிவுகளையும் இதோடு சொல்லிவிடலாம். ‘தேனே’ ஆண், பெண் இரண்டுக்கும் பொது. தமிழில் ‘வைஷ்ணவன்’ என்றால் பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். ‘வைஷ்ணவர்’ அதே அளவு இடம்தான், ஆண் பெண் கணக்கும் இல்லை, மரியாதையும் இருக்கிறது. ‘வைஷ்ணவர்’ என்பதா ‘வைணவர்’ என்பதா என்றால், எழுத்தில் வைணவர் நமக்கு இயல்பு. ஆனால் பாடுபவர் ‘ஷ்’ என்று அழுத்திப் பாடும்போது கண்ணில் அது இருப்பது நல்லது. இன்னும் முக்கியமாக, ‘வைஷ்ணவர்’ என்பதை ‘நல்லவர்’ என்றோ ‘இறையடியார்’ என்றோ பொதுவாக்கக் கூடாது. பிறப்பாலோ நாமத்தாலோ வைஷ்ணவர் என்று சொல்லிக்கொள்பவரிடம், அந்தப் பெயருக்கு யார் உரியவர் என்று கேட்கும் பாட்டு இது. பெயரை எடுத்துவிட்டால் கேள்வியே போய்விடும்.

‘அறிபவர்’ என்பதா ‘உணர்பவர்’ என்பதா என்ற விவாதம் எப்போதும் வரும். தமிழில் வலியை உணர்வதுதான் வழக்கம் என்பது உண்மை. ‘ஜாணே’ அறிவது. இரண்டுக்கும் இடையே ஒரு குறிதான் வித்தியாசம், இடம் இருக்கிறது. மூலத்தோடு நிற்பதே எங்கள் விருப்பம். ‘உணர்பவர்’ போட்டவரைத் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆங்கில வார்ப்பிலிருந்து பெயர்க்கும்போது அங்கே ‘உணர்கிறார்கள்’ என்று இருந்ததால் மட்டும் வந்த ‘உணர்பவர்’ என்றால், ஒருமுறை மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வார்ப்பில் ‘வைஷ்ணவ மக்கள்’ என்று பன்மையும் இருக்கும், அதையும் கொண்டுவந்துவிடாமல் பார்க்க வேண்டும். ‘ஜன’ இங்கே கூட்டம் அல்ல, ஆள்.

இந்த வழியில் எஞ்சியுள்ள ஒரு குறை: ‘துயரில்’ யாருடைய துயரில் என்று இரண்டாம் வரி சொல்லவில்லை. மேல்வரியின் ‘பிறர்’ கண்ணில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. இரண்டு வரியையும் வெவ்வேறு சப்டைட்டிலாகப் பிரித்தால் உடனே சிக்கலாகும், தன் துயரத்திலும் உதவியவர் என்று படிக்க வழி திறந்துவிடும்.

பிரிப்பது ஐந்தாவது வழி. வாசிக்காமல் பாடும்போது அதைத் தவிர்க்கவும் முடியாது. கச்சேரியில் முதல் பாதியையே மூன்று நான்கு முறை சுற்றிவிட்டுத்தான் ‘பர துக்கே’வுக்கு வருவார்கள். முழுக் கண்ணியையும் முதலிலேயே போட்டுவிட்டால், ‘மனம் செருக்காதவர்’ என்று பார்வையாளர் படித்து முடித்து வெகுநேரம் கழித்துப் பாடகர் அங்கே வருவார். அப்போது ஒவ்வொரு பாதிக்கும் தனி இரண்டு வரி கிடைக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை:

```
14
00:02:11,400 --> 00:02:17,000
வைஷ்ணவர் என்று அழைக்கத் தகுந்தவர்
பிறருடைய வலியை அறிபவர்தான்.

15
00:02:41,200 --> 00:02:47,000
பிறர் துயரில் உதவிய பின்னும் அவர்
மனத்தில் கர்வத்தை நுழைய விடமாட்டார்.
```

இங்கே கவனிக்க வேண்டியது, 14 முற்றுப்புள்ளியோடு முடிகிறது; 15 தனக்கென்று ‘பிறர்’, ‘அவர்’ இரண்டையும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருபது நொடிக்கு மேல் இடைவெளி. முதல் வரியின் எழுவாயை நினைவில் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். அரைப்புள்ளியோ மூன்று புள்ளியோ போட்டுத் தொங்கவிடுவது வாசிப்புக்குச் சரி, சுற்றிச் சுற்றிப் பாடும் பாட்டுக்குச் சரியாகாது. முதல் பாதி திரும்பத் திரும்ப வரும்போது சப்டைட்டிலை ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. முதல் முறையும், நடுவே வேறு கண்ணி பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும்போதும் போட்டால் போதும்.

வரியை உடைக்கும் இடமும் இதில் அடக்கம். ‘பிறர் / வலி’ என்றோ ‘உதவிய / பின்னும்’ என்றோ உடைந்தால் வரி படிக்கவே வராது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவரின் திரையில் 41 குறி வரி தானாக மடிந்து மூன்று வரியாகிவிடலாம், அதுவும் ‘பின்னும்’ நடுவில் வந்து. நிமிர்ந்த காணொளிக்குத் தனிக் கோப்பு தயாரிப்பது என்றால், வாசிப்பாக இருந்தாலும் இந்த ஐந்தாவது வழிக்கு வந்து வரிகளைக் குறுக்கிவிடுவது நல்லது.

எப்போது நான்கு, எப்போது ஐந்து? செய்திகளை எண்ணிப் பாருங்கள். முதல் கண்ணியில் நான்கு இருந்தன, அவையும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன, அதனால் அடங்கியது. அதே பாட்டின் அடுத்த கண்ணி:

சகள லோகமா சஹுனே வந்தே, நிந்தா ந கரே கேனீ ரே;
வாச காச மன நிச்சள ராகே, தன தன ஜனனீ தேனீ ரே.

உலகில் எல்லோரையும் வணங்குவார், யாரையும் நிந்திக்க மாட்டார், சொல், ஒழுக்கம், மனம் மூன்றையும் அசையாமல் வைத்திருப்பார், அவரைப் பெற்ற தாய் பேறு பெற்றவள். எதையும் எதோடும் மடிக்க முடியாது. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் செய்தி. இதை இரண்டு வரியில் திணித்தால் தாய்தான் வெளியே போவாள், வழக்கமாக அப்படித்தான் நடக்கிறது. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் இந்தக் கண்ணியைப் பாதி பாதியாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பின்பாதியில் மேத்தா ஒரு பொறியும் வைத்திருக்கிறார். ‘வாச காச மன’ என்று காதில் விழுந்ததும் தமிழில் தயாராக இருப்பது ‘மனம், வாக்கு, காயம்’. மூன்றும் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் ‘காச’ உடல் அல்ல, செயலும் அல்ல. இடையில் கட்டும் கச்சை. கச்சையில் உறுதி என்றால் காம ஒழுக்கம். ‘காயம்’ என்று போட்டால் அந்தப் பொருள் போவதோடு, இன்றைய வாசகருக்கு அது அடிபட்ட புண்ணாகவும் தெரியும். ‘கற்பு’ என்றால் நம் ஊரில் அது பெண் பக்கமே சாய்ந்துவிட்ட சொல். ‘ஒழுக்கம்’ சற்றுப் பொதுவானதுதான், என்றாலும் ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்று சொல்லும்போது என்ன பொருளில் சொல்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சொல்லும் ஒழுக்கமும் மனமும் தளராதவர்;
அவரைப் பெற்ற தாய் பேறு பெற்றவள்.

36, 32. ‘தன தன’ என்பதில் உள்ள இரட்டிப்பு இங்கே விழுந்துவிட்டது. ‘பெற்ற… பேறு பெற்றவள்’ என்று தமிழே தானாகக் கொடுத்த அடுக்கு அதற்கு ஓரளவு ஈடு.

கோப்பை அனுப்பும் முன் ஒரு சோதனை. மூலம் தெரியாத ஒருவருக்கு ஒலியை அணைத்துவிட்டு அந்த ஆறு நொடியை மட்டும் ஒருமுறை காட்டுங்கள். பிறகு கேட்க வேண்டியது ‘பிடித்ததா’ என்று அல்ல. யாரைப் பற்றியது, அவர் என்ன செய்தார், செய்த பிறகு என்ன செய்யவில்லை என்ற மூன்று கேள்விதான். மூன்றாவதற்கு அவர் ‘கர்வம் இல்லாதவர்’ என்று மட்டும் சொல்லி, ‘உதவிய பிறகும்’ என்பதைச் சொல்லாமல் விட்டால், ‘தோயே’ வரியில் இருந்தும் கண்ணில் படவில்லை என்று பொருள். ‘பின்னும்’ வரியின் முதல் பாதியில்தான் இருக்கிறதா, மடிந்து அடுத்த வரிக்குப் போய்விட்டதா என்று அப்போது பார்க்க வேண்டும்.